புரியாதபோது நீட்டப்படும் பட்டியல்: சாட்பாட்டின் தயக்கமும் கேட்பவரின் கிசான் பணமும்

1. கேள்வி

உதவி மையங்களுக்காகச் சாட்பாட் வடிவமைப்பவர்களிடையே கடந்த சில ஆண்டுகளில் ஒரு விதி ஏறக்குறைய எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிட்டது. கேட்டது என்ன என்று பாட்டுக்கு உறுதியாகத் தெரியாதபோது “மன்னிக்கவும், புரியவில்லை” என்று சொல்லக் கூடாது, “நீங்கள் கேட்பது இவற்றில் எது?” என்று இரண்டு மூன்று தெரிவுகளை நீட்ட வேண்டும் என்பதே அந்த விதி. புரியவில்லை என்பது உரையாடலை முட்டுச்சந்தில் நிறுத்துகிறது, தெரிவுகளோ ஒரு வழியைத் திறக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். விதி முழுக்கத் தவறு என்று இக்கட்டுரை வாதிடவில்லை. ஆனால் அது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டே சரியாகிறது. தெரிவுப் பட்டியல் என்பது ஓர் ஊகம். சரியான விடை அந்தப் பட்டியலுக்குள் இருக்கக்கூடும் என்பதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ளவற்றை வேறுபடுத்திப் பார்க்கும் அறிவு கேட்பவரிடம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் பட்டியல், “புரியவில்லை” என்பதைவிட மோசமான பதிலாகிவிடுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்கத் திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை வட்டாரங்களில் “கிசான் பணம்” என்று சொல்லப்படும் பி.எம்.கிசான் உதவித்தொகை 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, தவணைக்கு 2,000 ரூபாய் வீதம் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இத்திட்டம் பற்றிய சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2023 செப்டம்பரில் “கிசான் இ-மித்ரா” என்ற சாட்பாட்டைக் கொண்டுவந்தது. தொடக்கத்திலேயே அது பேசிய மொழிகளில் தமிழும் ஒன்று. அந்தக் குறிப்பிட்ட பாட்டின் தரத்தை மதிப்பிடுவது இங்கே நோக்கமல்ல. அதைப் போன்ற எந்த பாட்டிடமும் அதிகம் வரக்கூடிய ஒரு வாக்கியம்தான் நமக்கு வேண்டியது: “பணம் வரலை.”

2. இதுவரை சொல்லப்பட்டவை

புரியாததை மறைப்பது சாட்பாட்டுகளின் பிறவிக் குணம். ஜோசப் வைசன்பாம் 1966இல் விவரித்த எலிசா, தன் விதிகளில் எதற்கும் பொருந்தாத வாக்கியம் வந்தால் மேலே சொல்லச் சொல்லி உரையாடலை நகர்த்திவிடும். மனநல ஆலோசகர் வேடத்தில் இருந்ததால் அது எடுபட்டது. பணம் ஏன் வரவில்லை என்று கேட்பவரிடம் இந்த உத்தி ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது.

தெரிவுகளுக்கு ஆதரவாகப் பெரிதும் சுட்டப்படுவது ஸஹ்ரா அஷ்க்தோராப்பும் ஐ.பி.எம். ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு. பாட் தடுமாறும்போது அது கையாளக்கூடிய பல்வேறு உத்திகளைக் காட்சிகளாக எழுதிக் காட்டி, எது பிடிக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். தெரிவுகளை முன்வைப்பதும், எது புரியவில்லை என்று விளக்குவதும் பொதுவாக விரும்பப்பட்டன. முடிவில் ஐயமில்லை, ஆனால் அது அளந்தது விருப்பத்தை. கற்பனைக் காட்சியைப் படித்து, இந்தப் பதில் பரவாயில்லை என்று தேர்ந்தெடுப்பவருக்கு அதனால் இழப்பு ஒன்றுமில்லை. தவறான தெரிவைத் தொட்டுவிட்டு, ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி இ-சேவை மையத்துக்குப் போய்த் திரும்புபவரின் கணக்கு வேறு. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள், விளக்கம் தருவதும் தெரிவுகளுக்கு இணையாக விரும்பப்பட்டது என்ற பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

மனிதர்கள் தங்களுக்குள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்த ஆய்வு இன்னும் கூர்மையானது. மார்க் டிங்கெமான்ஸவும் பிறரும் 2015இல் பன்னிரண்டு மொழிகளின் இயல்பான உரையாடல்களை ஒப்பிட்டார்கள். அவற்றில் இந்திய மொழி எதுவும் இல்லை என்றாலும், அவர்கள் கண்ட வகைப்பாட்டை நம் பேச்சிலும் எளிதில் காணலாம். சரியாகக் காதில் விழாதவர் “ஆங்?” என்று கேட்கலாம், ஒரு பகுதி மட்டும் தவறியிருந்தால் “எங்கே?” என்று கேட்கலாம், ஏறக்குறைய விளங்கியிருந்தால் தான் விளங்கிக்கொண்டதைச் சொல்லி உறுதிசெய்துகொள்ளலாம். திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் ஒருவர் “அடுத்த பஸ் எப்ப?” என்று கேட்டால், அவர் நிற்கும் இடத்தைப் பார்த்து, “பழனிக்கா, ஒட்டன்சத்திரத்துக்கா?” என்று எதிர்க்கேள்வி கேட்பது இந்த மூன்றாம் வகை. மக்கள் தங்களால் முடிந்த அளவுக்கு மிகக் குறிப்பான வகையையே தேர்கிறார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. “முடிந்த அளவுக்கு” என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எதிராளி சொன்னதில் கொஞ்சமாவது பிடி கிடைத்தவர்தான் ஊகத்தை முன்வைக்கிறார். ஒன்றுமே விளங்காதவர் இரண்டு ஊர்ப் பெயரை இஷ்டத்துக்கு எடுத்து நீட்டுவதில்லை. பாட்டுகளின் விதி இந்த வேறுபாட்டைக் கைவிட்டுவிட்டது.

3. தயக்கம் ஒன்றல்ல

அது எப்படிக் கைவிடப்படுகிறது என்பதை மென்பொருளுக்குள்ளேயே பார்க்கலாம். பரவலாகப் பயன்படும் திறந்த மூலச் சட்டகமான ராஸாவில் தயக்கத்தைத் தீர்மானிக்கும் பகுதி இயல்புநிலையில் இப்படி அமைந்திருக்கும்:

```yaml
pipeline:
  - name: FallbackClassifier
    threshold: 0.3
    ambiguity_threshold: 0.1
```

வந்த வாக்கியத்தை, பாட் தனக்குத் தெரிந்த நோக்கங்கள் ஒவ்வொன்றோடும் பொருத்தி மதிப்பெண் தருகிறது. முதலிடம் பெற்ற நோக்கத்தின் மதிப்பெண் 0.3க்குக் கீழே இருந்தாலோ, முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளி 0.1க்குக் குறைவாக இருந்தாலோ, `nlu_fallback` என்ற ஒரே முத்திரை விழுகிறது. இரண்டு வாக்கியங்களை வைத்துப் பார்ப்போம். மதிப்பெண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. முதல் வாக்கியத்துக்கு “தவணை வரவில்லை” 0.44, “இ-கேஒய்சி முடிக்கவில்லை” 0.39, மற்றவை மிகக் குறைவு. இரண்டாவது வாக்கியத்துக்கு முதலிடமே 0.21, அடுத்தவை 0.18, 0.17 என்று சரிந்துகொண்டே போகின்றன. முதலாவதில் பாட் இரண்டு நோக்கங்களுக்கிடையே தடுமாறுகிறது. விடை அந்த இரண்டில் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாவதில் அதற்கு எந்தப் பிடியும் இல்லை. ஆனால் முத்திரை ஒன்றே என்பதால், வடிவமைப்பாளர் தனியாக எதுவும் செய்யாவிட்டால், இருவருக்கும் ஒரேவிதமான பதில்தான் போகும். மேலே உள்ள மூன்று நோக்கங்களை எடுத்துப் பட்டனாக்கு என்று எழுதிவிட்டால், இரண்டாமவருக்கு 0.21, 0.18, 0.17 பெற்றவை தெரிவுகளாக நீட்டப்படும். திரையில் பார்ப்பவருக்கு இரண்டு பட்டியலும் ஒரே தோற்றத்தில்தான் தெரியும்.

குறைந்தபட்சம் இங்கே மதிப்பெண்ணாவது குறைவாக இருந்தது. அது குறையாமலே போகக்கூடும் என்பதுதான் பெரிய சிக்கல். மதிப்பெண்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றாகும்படி பங்கிடப்படுபவை. திட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி வந்தாலும் அந்தப் பங்கு தெரிந்த நோக்கங்களுக்குள்தான் பிரிந்தாக வேண்டும். நவீன நரம்பணு வலைகள் தம் விடைகள்மீது தகுதிக்கு மீறிய நம்பிக்கையைக் காட்டுகின்றன என்பதை 2017இல் குவோவும் சக ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டினார்கள். 2019இல் லார்சனும் குழுவினரும் 150 நோக்கங்களைக் கொண்ட தரவுத் தொகுப்பை உருவாக்கிச் சோதித்தபோது, எல்லைக்குள் இருக்கும் கேள்விகளை நன்றாக வகைப்படுத்திய மாதிரிகளே, எல்லைக்கு வெளியே இருப்பதை வெளியே இருப்பதாக அடையாளம் காணத் திணறின. அதாவது, ‘எனக்குத் தெரியாத விஷயம் இது’ என்பதே பாட்டுக்கு மிகக் கடினமான பாடம்.

திண்டுக்கல் கேள்விக்கு வருவோம். கிசான் இ-மித்ரா தொடங்கிய அதே 2023 செப்டம்பரில், 15ஆம் தேதி, தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டமும் தொடங்கியது: மாதம் 1,000 ரூபாய், பெண்களின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக. ஒரே வீட்டில் கணவர் பெயரில் கிசான் பணமும், மனைவி பெயரில் உரிமைத் தொகையும், அதோடு நூறு நாள் வேலைக் கூலியும், பால் சொசைட்டிப் பணமும் வரக்கூடும். எல்லாமே பேச்சில் “பணம்”தான். “பணம் வரலை” என்ற வாக்கியத்தை கிசான் பாட் தன் திட்டத்துக்குள்ளேதான் பொருத்திப் பார்க்கும். வேறு பணங்கள் உலகத்தில் உண்டு என்பது அதற்குத் தெரியாது. உரிமைத் தொகையைக் கேட்கும் ஒருவருக்கு அது இ-கேஒய்சி, நில ஆவண இணைப்பு, ஆதார் வங்கி இணைப்பு என்று மூன்று பட்டனைக் காட்டினால் என்ன நடக்கும்? மூன்றில் இ-கேஒய்சிதான் காதில் விழுந்த பெயர். அவர் அதைத் தொடுவார். பாட் மகிழ்ச்சியோடு வழிமுறையை விவரிக்கும். “புரியவில்லை” என்ற பதில் வந்திருந்தால் அவர் பக்கத்து வீட்டாரிடமாவது கேட்டிருப்பார். இப்போது ஒரு திட்டமான, முற்றிலும் பொருந்தாத வேலையோடு கிளம்புகிறார். அதைவிட முக்கியமானது, பாட்டின் தவறு இப்போது அவருடைய தெரிவாகப் பதிவாகியிருக்கிறது.

4. எதைக் கேட்பது

கேட்டவர் உண்மையிலேயே கிசான் பணத்தைத்தான் கேட்கிறார் என்றே கொள்வோம். அப்போதும் மேற்சொன்ன மூன்று பட்டன்கள் தவறான பட்டன்கள். பி.எம்.கிசான் தளத்தில் பயனாளி நிலையைப் பார்த்தால் நில ஆவணம் இணைக்கப்பட்டதா, இ-கேஒய்சி முடிந்ததா, ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்ததா என்று மூன்று வரிகள் வரும். பணம் நிற்பதற்கான வழக்கமான காரணங்கள் இவை என்பதால், வடிவமைப்பாளர் இவற்றையே தெரிவுகளாக்க விரும்புவார். ஆனால் இவை நிர்வாகம் பார்க்கும் காரணங்கள். இவற்றில் எதனால் பணம் நின்றது என்று விவசாயிக்குத் தெரிந்திருந்தால் அவர் கேட்கவே வந்திருக்க மாட்டார். நோயாளியிடம் நோயின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குச் சமம் இது.

அவருக்குத் தெரிந்தது வேறு. பணம் ஒருமுறைகூட வந்ததில்லையா, முன்பு வந்து இடையில் நின்றதா, பணம் போட்டாகிவிட்டது என்று செல்பேசிக்குச் செய்தி வந்தும் பாஸ்புக்கில் ஏறவில்லையா? இவற்றை எந்த உதவியும் இல்லாமல் அவர் சொல்வார். இவை காரணங்களையும் ஓரளவு பிரித்துவிடுகின்றன. ஒருமுறையும் வராதவருடைய விண்ணப்பம் ஒப்புதல் பெறாமல் கிடக்கலாம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது விண்ணப்ப நிலை. வந்து நின்றவருக்கு இ-கேஒய்சியோ நில ஆவண இணைப்போ முடியாமல் இருப்பது முதல் சந்தேகம். செய்தி வந்து பணம் வராதவருக்கு விடை பெரும்பாலும் வேறொரு வங்கியில் இருக்கிறது: தொகை ஆதார் வழியாகச் செல்வதால், விவசாயி மனத்தில் வைத்திருக்கும் கணக்குக்கு அல்லாமல், ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குப் போய்ச் சேரும். நகைக்கடனுக்காகவோ வேறு மானியத்துக்காகவோ இடையில் திறந்த கணக்கில் இரண்டு தவணை சத்தமில்லாமல் கிடக்கக்கூடும். “ஆதார் வங்கி இணைப்பு” என்ற பட்டனை அவர் தொட மாட்டார். ஏனென்றால் ஆதாரை வங்கியில் கொடுத்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எளிய தடை குறுக்கிடுகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியோடு மூன்று பட்டன்களுக்கு மேல் அனுப்ப முடியாது. ஒவ்வொன்றின் தலைப்பும் 20 எழுத்துக்குள் அடங்க வேண்டும். யூனிகோடு கணக்கில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி எழுத்து. “ஆதார் வங்கி இணைப்பு” 19இல் அடங்குகிறது. “இடையில் நின்றுவிட்டது” 21 ஆகி ஒன்றில் தவறிவிடுகிறது. “நடுவில் நின்றுபோச்சு” என்று பேச்சுவழக்கில் எழுதினால் சரியாக 20. நிர்வாகக் கலைச்சொல் சுருக்கமானது, அனுபவத்தைச் சொல்லும் வாக்கியம் நீளமானது என்பதால், இந்த வரம்பு வடிவமைப்பாளரைத் தெரியாமலே கலைச்சொல்லின் பக்கம் தள்ளுகிறது. மாற்று உண்டு: பட்டியல் வகைச் செய்தியில் பத்து வரிகள் வரை வைக்கலாம், வரியின் தலைப்புக்கு 24 எழுத்தும், அதன் கீழே விளக்கத்துக்கு 72 எழுத்தும் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியல் ஒருமுறை தொட்டால்தான் விரியும். பட்டனில் மூன்றே இடம் என்றால், அதில் ஒன்றை “இதில் எதுவும் இல்லை” என்பதற்கு ஒதுக்க மனம் வராது. அந்தத் தயக்கத்தில்தான் மிகத் தேவையான பட்டன் முதலில் பலியாகிறது. பத்து வரி இருப்பதால் பத்தையும் நிரப்புவது எதிர்த்திசைத் தவறு. பாட் குரலில் பேசினால் அது உடனே அம்பலமாகும்: நான்காவது தெரிவை வாசிக்கும்போது முதலாவது மறந்துபோயிருக்கும்.

5. எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு வலுவானது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி நிலையைப் பார்த்துவிட்டால் எந்தப் பட்டியலும் வேண்டாமே? உண்மைதான். தரவு சொல்லக்கூடியதைக் கேட்பவரிடம் கேட்பது வேலையை அவர் தலையில் கட்டுவது. எனவே தெரிவுகளுக்கு முன்பே தரவுத் தேடல் வர வேண்டும் என்பதை நான் என் வாதத்தின் ஒரு பகுதியாகவே ஏற்கிறேன். ஆனால் மூன்று வரியிலும் “ஆம்” என்று காட்டும் விவசாயிக்குப் பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அவர் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தாரா, அவர் கேட்பது இந்தப் பணத்தைத்தானா என்பவை தரவில் இல்லை. தெரிவுகள் அந்த எச்சத்துக்கு உரியவை.

இரண்டாவது மறுப்பு: பெரிய மொழி மாதிரிகள் வந்த பிறகு நோக்கமும் மதிப்பெண்ணும் பழங்கதை, அவை எதையும் புரிந்துகொள்ளும். மொழித் தடுமாற்றம் குறைந்திருப்பதை மறுக்க முடியாது. “panam varala” என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தாலும் இன்றைய மாதிரிகள் ஓரளவு சமாளிக்கும். ஆனால் “பணம் வரலை” என்பதில் இருக்கும் குழப்பம் மொழி சார்ந்தது அன்று. வாக்கியம் தெளிவாகத்தான் இருக்கிறது. எந்தப் பணம் என்ற தகவல் அதில் இல்லை. திறமையான மாதிரியும் அங்கே கேட்டாக வேண்டும். கேட்காமல் சரளமாக விடை சொல்லிவிடுவதுதான் அதற்கு நேரக்கூடிய புதிய ஆபத்து.

மூன்றாவது, நடைமுறையாளர்களின் மறுப்பு. புரியவில்லை என்றால் மக்கள் வெளியேறிவிடுகிறார்கள், தெரிவுகளைக் காட்டினால் தொடுகிறார்கள், எண்களே சாட்சி. இந்த எண்களைத்தான் நம்பக் கூடாது. முன்னால் ஒரு பட்டன் இருந்தால் மனிதர்கள் தொடுவார்கள். தொட்டது பொருத்தமானது என்பதற்கு அது சாட்சியாகாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே தெரிவுகளை வரிசை மாற்றி, ஒருவருக்கு ஒரு வரிசை, அடுத்தவருக்கு வேறு வரிசை என்று காட்ட வேண்டும். எந்தத் தெரிவு முதலிடத்தில் இருந்தாலும் அதற்கே தொடுதல்கள் குவிந்தால், மக்கள் இடத்தைத் தொடுகிறார்கள், பொருளை அல்ல. அதோடு, தெரிவைத் தொட்டவர் சில நாட்களுக்குள் அதே குறையோடு பாட்டுக்கோ தொலைபேசி உதவி எண்ணுக்கோ திரும்பி வருகிறாரா என்று பார்க்க வேண்டும். தொடுதல் விகிதம் உயர்ந்து, திரும்பி வருவோர் எண்ணிக்கையும் உயர்ந்தால், பட்டியல் வேலை செய்யவில்லை, குறையை ஒத்திப்போட்டிருக்கிறது.

இதில் மறைந்திருக்கும் கேடு ஒன்று. தொடுதல்களை அப்படியே பயிற்சித் தரவாக்கி மாதிரிக்கு ஊட்டும் வழக்கம் உண்டு. “ஆயிரம் ரூபா வரலை” என்று எழுதி, வேறு வழியில்லாமல் இ-கேஒய்சியைத் தொட்டவரின் வாக்கியம், இ-கேஒய்சி நோக்கத்துக்கான உதாரணமாகத் தொகுப்பில் ஏறும். அடுத்த முறை அதே வாக்கியம் வரும்போது பாட் தயங்கவே தயங்காது. மதிப்பெண் உயர்ந்திருக்கும், பட்டியல்கூடக் காட்டாமல் நேரே தவறான விடையைத் தரும். தயக்க விகிதம் குறைந்ததாக அறிக்கையும் போகும்.

6. வரம்பை எங்கே வைப்பது

0.3, 0.1 போன்ற எண்களைச் சட்டகம் தந்தபடியே விட்டுவிடுவது வழக்கம். எரிக் ஹார்விட்ஸ் 1999இல் எழுதிய கட்டுரையில், ஒரு மென்பொருள் தானாகச் செயல்படுவதா, கேட்பதா, சும்மா இருப்பதா என்பதை நிகழ்தகவு மட்டும் தீர்மானிக்கக் கூடாது, ஒவ்வொன்றும் தவறிப்போனால் நேரும் இழப்பும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும் என்று வாதிட்டார். அந்தக் கணக்கைக் கிசான் பணத்துக்குப் போட்டால், எல்லா நோக்கங்களுக்கும் ஒரே வரம்பு என்பது நிற்காது. “அடுத்த தவணை எப்போது?” என்பதற்குத் தவறாக விடை சொன்னால் இன்னொரு முறை கேட்பார், அவ்வளவே. “கணக்கை மாற்ற வேண்டும்” என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு வழிகாட்டினால் குஜிலியம்பாறையிலிருந்து ஒருவர் வங்கிக்கு அலைவார். இரண்டாவதில் பாட் இன்னும் சீக்கிரம் தயங்க வேண்டும். முதலாவதில் அவ்வளவு தயங்கத் தேவையில்லை.

இரண்டு நோக்கங்கள் நெருக்கமாக வந்து, இரண்டும் சேர்ந்து மதிப்பெண்ணில் பெரும்பகுதியைப் பிடித்திருந்தால் அந்த இரண்டையும், கூடவே “இதில் எதுவும் இல்லை” என்பதையும் காட்டலாம். மதிப்பெண் பலவற்றில் சிதறியிருந்தால் தெரிவுகளைக் காட்டக் கூடாது. அங்கே சொல்ல வேண்டியது மொட்டையான “புரியவில்லை” அன்று, தன் எல்லையைச் சொல்லும் ஒரு வாக்கியம்: “இங்கே பி.எம்.கிசான் பற்றி மட்டுமே பதில் கிடைக்கும். நீங்கள் கேட்பது மகளிர் உரிமைத் தொகையோ நூறு நாள் கூலியோ என்றால் அதற்குரிய அலுவலகத்தைக் கேளுங்கள். கிசான் பணம்தான் என்றால் பதிவு எண்ணை அனுப்புங்கள்.” அஷ்க்தோராப் குழுவின் ஆய்வில் விரும்பப்பட்ட விளக்கம் என்ற உத்திக்கு இது நெருக்கமானது. “எதுவும் இல்லை” என்பதை ஒருவர் தொட்டால் மறுபடியும் வேறு பட்டியலை நீட்டாமல், மனிதர் பேசும் உதவி எண்ணான 155261ஐத் தர வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது, அது மனிதருக்கானது. “எதுவும் இல்லை” என்பதைத் தொடுவதற்கு முன் மக்கள் தட்டச்சு செய்த வாக்கியங்களை வாரந்தோறும் யாராவது உட்கார்ந்து படித்து, எவை இத்திட்டத்தைச் சேர்ந்தவை, எவை வேறு பணத்தைப் பற்றியவை என்று பிரிக்க வேண்டும். திண்டுக்கல் வட்டாரப் பேச்சில் வரும் வாக்கியத்தைச் சென்னையிலோ டெல்லியிலோ இருப்பவர் பிரிப்பதைவிட, வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் தினமும் இதே கேள்வியை நேரில் கேட்கும் ஒருவர் பிரிப்பது பிழையைக் குறைக்கும். அந்தப் பணிக்கு நேரமும் பொறுப்பாளரும் ஒதுக்கப்படாத வரை, தொடுதல்களைப் பயிற்சித் தரவில் சேர்ப்பதை நிறுத்திவைப்பதே பாதுகாப்பு.